பூட்டிய கட்டுரைக்கு இன்னொரு வாசல்

ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பைக் கூகுளில் தட்டினால், பெரும்பாலும் முதலில் வந்து நிற்பது பதிப்பகத்தின் பக்கம்தான். தலைப்பு இருக்கும், எழுதியவர்களின் பெயர் இருக்கும், பத்து வரியில் ஒரு சுருக்கமும் இருக்கும். அதற்குக் கீழே விலை. பல அறிவியல் இதழ்களில் ஒரே ஒரு கட்டுரைக்கு 30 டாலருக்கு மேல் கேட்கிறார்கள். முனைவர் பட்ட ஆய்வில் ஓர் இயலை எழுதவே அறுபது, எழுபது கட்டுரைகளைப் புரட்ட வேண்டியிருக்கும்.

இந்தச் சுமையைக் குறைக்க மத்திய அரசு 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள். ஆனால் அந்தச் சந்தா மத்திய, மாநில அரசுகள் நடத்தும் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு உரியது. சுயநிதிக் கல்லூரியில் பாடம் நடத்தும் ஆசிரியருக்கும், எந்த நிறுவனத்தையும் சாராமல் எழுதும் பத்திரிகையாளருக்கும், தன் நோயைப் பற்றிப் படிக்க விரும்பும் நோயாளிக்கும் அந்த விலைப் பக்கம் அப்படியே நிற்கிறது.

அங்கே வந்து நிற்பவர்களில் பலர் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு, முழுக் கட்டுரையையும் படித்தவர்போல மேற்கோள் காட்டிவிடுகிறார்கள். வேறு பலர் சை-ஹப் போன்ற தளங்களுக்குப் போகிறார்கள். அங்கே இருப்பவை உரிமையாளரின் அனுமதி இல்லாத பிரதிகள். அந்தத் தளத்தின் மீது எல்சேவியர், வைலி, அமெரிக்க வேதியியல் சங்கம் ஆகிய மூன்றும் 2020 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. இந்த இரண்டுக்கும் போகுமுன் செய்துபார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அதே கட்டுரையின் இலவசப் பிரதி, எழுதியவர் கையாலேயே, முழு அனுமதியோடு வேறோர் இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறதா என்று தேடுவது. எத்தனையோ கட்டுரைகளுக்கு அப்படி ஒரு பிரதி இருக்கிறது.

அனுமதி எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, ஒரு கட்டுரை கடந்து வரும் மூன்று நிலைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். எழுதி முடித்து இதழுக்கு அனுப்பும் பிரதி முதல் நிலை. அதைப் பொதுவெளியில் வைத்தால் ப்ரீபிரிண்ட் என்கிறார்கள். இதழ் அதைத் துறை வல்லுநர்களிடம் மதிப்பீட்டுக்கு அனுப்புகிறது. அவர்கள் சொன்ன திருத்தங்களைச் செய்து, இதழ் ஏற்றுக்கொண்ட பிரதி இரண்டாம் நிலை. உள்ளடக்கம் இங்கே முடிவாகிவிடும்; பக்க அமைப்பும் இதழின் முத்திரையும் மட்டும் இருக்காது. பதிப்பகம் மொழி செம்மை செய்து, பக்கம் அமைத்து, பக்க எண் போட்டு வெளியிடும் பிரதி மூன்றாம் நிலை. மேற்கோள் உலகில் அதிகாரபூர்வப் பதிப்பு என்பது இந்த மூன்றாவதுதான்.

சந்தா இதழ்களில் வெளியிடும்போது எழுத்தாளர் பொதுவாகப் பதிப்புரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுக்கிறார். ஆனாலும் பெரும்பாலான பதிப்பகங்கள் முதல் நிலைப் பிரதியைப் பொதுவில் வைக்கவும், இரண்டாம் நிலைப் பிரதியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைக்கவும் அனுமதி தருகின்றன. இரண்டாவதற்கு மட்டும் 6 முதல் 24 மாதம் வரை காத்திருப்புக் காலம் வைப்பது வழக்கம். மூன்றாம் நிலைப் பிரதியை எழுத்தாளரே ஆனாலும் பொதுத் தளத்தில் வைக்கக் கூடாது என்பார்கள். எந்த இதழ் எதை, எப்போது, எங்கே வைக்க அனுமதிக்கிறது என்பதைப் பிரிட்டனின் ஜிஸ்க் அமைப்பு நடத்தும் Open policy finder என்ற தளத்தில் யாரும் பார்க்கலாம். முன்பு அதன் பெயர் ஷெர்பா ரோமியோ.

ஆகவே, இலவசமாகக் கையில் கிடைப்பது பெரும்பாலும் முதல் நிலை அல்லது இரண்டாம் நிலைப் பிரதி. தேடிக் கண்டுபிடித்தவருக்கு, எந்த நிலைப் பிரதி கிடைத்திருக்கிறது என்று அடையாளம் காணும் வேலையும் சேர்ந்தே வருகிறது.

ஓர் உண்மையான கட்டுரையை வைத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். 2002 ஆகஸ்டில் ஐஐடி கான்பூரைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் PRIMES is in P என்ற தலைப்பில் ஒரு ப்ரீபிரிண்டைத் தங்கள் துறையின் வலைத்தளத்தில் வைத்தார்கள். ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்று கண்டுபிடிக்க அதுவரை இருந்த வேகமான முறைகள் ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு குறை இருந்தது. சில முறைகள் 'அநேகமாகப் பகா எண்' என்று மட்டுமே சொல்லும். சில, நிரூபிக்கப்படாத ஓர் அனுமானத்தின் மேல் நின்றன. எந்த எண்ணைக் கொடுத்தாலும் நியாயமான நேரத்துக்குள் உறுதியான பதிலைத் தரும் முறையை இந்த மூவரும் கொடுத்தார்கள். கட்டுரை பிறகு அனல்ஸ் ஆஃப் மேத்தமேடிக்ஸ் இதழில், 2004ஆம் ஆண்டு 160ஆம் தொகுதி 2ஆம் இதழில், 781 முதல் 793 வரையிலான பக்கங்களில் வெளிவந்தது.

இதைத் தேடுபவர் ஜேஸ்டோர் தளத்தில் போய் நின்றால், முழுக் கட்டுரைக்கு நிறுவனச் சந்தாவோ உள்நுழைவோ வேண்டும். அங்கேயே திரும்பிவிடத் தேவையில்லை. முதலில் செய்ய வேண்டியது அந்தப் பக்கத்திலிருந்தோ ஏதாவது ஒரு நூற்பட்டியலிலிருந்தோ டிஓஐ எண்ணை எடுத்துக்கொள்வது. ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிலையான அடையாளம் அது. எப்போதும் 10 என்றே தொடங்கும். இந்தக் கட்டுரையின் டிஓஐ 10.4007/annals.2004.160.781. இதற்கு முன்னால் https://doi.org/ சேர்த்து உலாவியில் இட்டால், இதழ் தானே நடத்தும் பக்கத்துக்குப் போகும். அனல்ஸ் இதழின் சொந்தத் தளத்தில் அந்தக் கட்டுரையின் பிடிஎஃப் இலவசமாகவே கிடைக்கிறது. அதுவும் மூன்றாம் நிலைப் பிரதி, பக்க எண்களோடு.

இப்படி, பதிப்பகமே படிக்கத் திறந்துவிட்டு, மறுபயன்பாட்டுக்கான உரிமம் எதையும் தராமல் வைத்திருக்கும் கட்டுரைகளைத் திறந்த அணுகல் துறையினர் 'வெண்கலம்' என்று வகைப்படுத்துகிறார்கள். படிக்கலாம், தனக்கென்று சேமித்து வைக்கலாம். வேறொரு தளத்தில் ஏற்ற அனுமதி இல்லை; பதிப்பகம் நினைத்தால் நாளை மூடிவிடவும் முடியும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் போட்ட கட்டுரைக்கு அந்த நிலையின்மை கிடையாது.

இதழின் பக்கமும் மூடியே இருந்தால் அடுத்த கருவி அன்பேவால். 2017இல் வெளிவந்த இலவச உலாவி நீட்சி இது. கட்டுரையின் பக்கத்தைத் திறந்தவுடன் வலப்புற ஓரத்தில் ஒரு பூட்டுச் சின்னம் தோன்றும். பச்சையாக இருந்தால் சட்டப்படியான இலவசப் பிரதி ஒன்று எங்கோ இருக்கிறது. சொடுக்கினால் அங்கே கொண்டுபோகும். சாம்பல் நிறம் என்றால் அதன் தரவுத்தளத்தில் எதுவும் இல்லை. இதழ்த் தளங்களையும் பல்கலைக்கழகக் களஞ்சியங்களையும் அது தொடர்ந்து திரட்டிக்கொண்டிருக்கிறது. ரிசர்ச்கேட், அகாடெமியா போன்ற சமூகத் தளங்களையும் சை-ஹப்பையும் அது சேர்ப்பதில்லை. அங்கே உள்ள பிரதிகள் அனுமதியோடு வைக்கப்பட்டவையா என்று உறுதி சொல்ல முடியாது என்பதே காரணம்.

நீட்சியை நிறுவ விரும்பாதவர்கள் இதே கேள்வியை உலாவியின் முகவரிப் பட்டையிலேயே கேட்கலாம். கடைசியில் உள்ள மின்னஞ்சலுக்குப் பதில் தங்கள் முகவரியை இட வேண்டும்.

```
https://api.unpaywall.org/v2/10.4007/annals.2004.160.781?email=YOUR_EMAIL
```

திரும்பி வரும் பக்கம் பார்க்க நிரல்போல இருக்கும். அதில் மூன்று சொற்களை மட்டும் தேடினால் போதும். is_oa என்பதற்கு எதிரே true என்றிருந்தால் இலவசப் பிரதி உண்டு. best_oa_location என்பதன் கீழே அதன் இணைப்பு இருக்கும். version என்பதற்கு எதிரே இருப்பதுதான் மேற்கோள் காட்டுபவருக்கு மிக வேண்டிய தகவல்: submittedVersion என்றால் முதல் நிலை, acceptedVersion என்றால் இரண்டாம் நிலை, publishedVersion என்றால் மூன்றாம் நிலை. இந்தக் குறிப்பு பெரும்பாலும் தானியங்கியாகத் திரட்டப்படுவது என்பதால், பிடிஎஃப்பைத் திறந்து கண்ணாலும் பார்த்துவிட வேண்டும்.

அன்பேவாலுக்குச் சிக்காததைச் சில நேரம் கூகுள் ஸ்காலர் காட்டிக் கொடுக்கும். பல தேடல் முடிவுகளுக்குக் கீழே All versions என்றொரு இணைப்பு இருக்கிறது. அதைத் திறந்தால் அதே கட்டுரையின் பிரதிகள் கிடக்கும் தளங்கள் வரிசையாக வரும். அதில் பல்கலைக்கழகத்தின் பெயரோ, இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் 1991 முதல் இயங்கும் arXiv களஞ்சியமோ, மருத்துவத்துக்கு அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2000 முதல் நடத்தும் பப்மெட் சென்ட்ரலோ தெரிந்தால் நம்பிச் சொடுக்கலாம். இந்திய ஆய்வாளர்களின் கட்டுரை என்றால் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் களஞ்சியம்போல, எழுதியவர் பணியாற்றும் நிறுவனத்தின் களஞ்சியத்தையும் நேரடியாகத் தேடிப் பார்க்கலாம். அதே ஆய்வு முனைவர் பட்ட ஆய்வேடாகவும் எழுதப்பட்டிருந்தால் சோத்கங்காவில் முழு ஏடும் கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் ஆய்வேடு வேறு, கட்டுரை வேறு. ஏட்டைப் படித்தவர் ஏட்டைத்தான் மேற்கோள் காட்ட வேண்டும்.

பிரதி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது எந்த நிலை என்று முதல் பக்கமே பெரும்பாலும் சொல்லிவிடும். arXiv பிரதியின் இடது ஓரத்தில் செங்குத்தாக ஓர் எண்ணும் தேதியும் அச்சாகியிருக்கும். எண்ணின் முடிவில் v1, v2 என்று வருவது எத்தனையாவது திருத்தம் என்பதைக் காட்டுகிறது. அந்தக் களஞ்சியத்தில் புதிய திருத்தம் வந்தாலும் பழையது அழிக்கப்படாது. அதன் அறிமுகப் பக்கத்தில் Journal reference என்ற வரி இருந்தால் கட்டுரை பிறகு இதழில் வந்துவிட்டது என்று பொருள். உயிரியல் ப்ரீபிரிண்டுகளுக்கான bioRxiv தளம் Now published in என்று இதழின் பெயரையே போட்டுவிடும். பப்மெட் சென்ட்ரலில் Author manuscript என்று தலையில் இருந்தால் அது இரண்டாம் நிலை. Published in final edited form as என்ற தொடரை அடுத்து இதழ்ப் பதிப்பின் விவரம் முழுதும் இருக்கும். இரட்டை வரி இடைவெளி, படங்களெல்லாம் கடைசியில் தனியாக, பக்க எண் 1இலிருந்து தொடங்குவது: இவை இரண்டாம் நிலைப் பிரதிக்கோ முதல் நிலைப் பிரதிக்கோ உரிய அடையாளங்கள்.

நிலை எதுவானால் என்ன, கட்டுரை ஒன்றுதானே என்று தோன்றலாம். கான்பூர் கட்டுரைக்கே திரும்பினால், 2002இல் வைத்த முதல் பிரதியும் 2004இல் அச்சான பதிப்பும் ஒன்றல்ல. கண்டுபிடிப்பு வெளிவந்த சில மாதங்களிலேயே ஹெண்ட்ரிக் லென்ஸ்ட்ரா உள்ளிட்ட கணிதவியலாளர்கள் அதை எளிமைப்படுத்தும் வழிகளைச் சொன்னார்கள். மூவரும் அவற்றை ஏற்று முறையையும் நிரூபணத்தையும் மாற்றி எழுதினார்கள். அடிப்படைக் கருத்து அதேதான். கணக்குக்கு ஆகும் நேரத்தின் மேல்வரம்பு மாறிவிட்டது. முதல் பிரதியில் அது எண்ணின் இலக்கங்களின் எண்ணிக்கையை 12ஆம் அடுக்குக்கு உயர்த்திய அளவை ஒட்டியது. அச்சுப் பதிப்பில் அந்த அடுக்கு 10.5.

வித்தியாசம் சிறிதல்ல. இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டிப்பானால், முதல் பிரதியின்படி நேர வரம்பு சுமார் 4,096 மடங்காகும். அச்சுப் பதிப்பின்படி சுமார் 1,450 மடங்கு. யாராவது 2002இன் பிரதியைப் படித்துவிட்டு 12 என்று எழுதி, அடிக்குறிப்பில் அனல்ஸ் 2004, பக்கம் இத்தனை என்று போட்டால், அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கும் வாசகருக்கு 12 எங்கேயும் தென்படாது. எழுதியவர் இதழைத் திறக்கவே இல்லை என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். தவறு எதிர்ப்பக்கமாகவும் நடக்கும்: 10.5 என்ற முடிவை 2002ஆம் ஆண்டுக் கணக்கில் எழுதினால், இடையில் வந்த மற்றவர்களின் பங்களிப்பு வரலாற்றிலிருந்து காணாமல் போய்விடும்.

ஆகவே மேற்கோளின் முதல் விதி, எந்தப் பிரதியைப் படித்தாரோ அதை மறைக்காமல் சொல்வது. இதழ்ப் பதிப்பையே படித்திருந்தால் சிக்கலே இல்லை: ஆசிரியர்கள், ஆண்டு, தலைப்பு, இதழ், தொகுதி, பக்கம், டிஓஐ. இலவசமாக எங்கே படித்தார் என்பதற்காக பிடிஎஃப்பின் நீண்ட முகவரியைச் சேர்க்க வேண்டியதில்லை, டிஓஐயே போதும். இரண்டாம் நிலைப் பிரதியைப் படித்திருந்தால் இதழ்ப் பதிப்பின் விவரத்தையும் டிஓஐயையும் கொடுத்து, இறுதியில் 'ஏற்கப்பட்ட பிரதி' என்ற குறிப்பையும் களஞ்சியத்தின் இணைப்பையும் சேர்ப்பது நேர்மையான வழி. முதல் நிலைப் பிரதியை மட்டும் படித்திருந்தால் ப்ரீபிரிண்ட் என்று வெளிப்படையாகச் சொல்லி, களஞ்சியத்தின் பெயர், எண், திருத்த எண், தேதி நான்கையும் தர வேண்டும். கான்பூர்க் கட்டுரையின் முதல் பிரதிபோல எண்ணிடாத வலைப்பக்கத்தில் இருந்த ஒன்றென்றால், தேதி இன்னும் முக்கியம். ஒரே பெயரில் பல திருத்தங்கள் உலவும்போது அவற்றைப் பிரித்துக் காட்ட வேறு வழியில்லை.

பக்க எண்ணில் பலர் சறுக்குகிறார்கள். இரண்டாம் நிலைப் பிரதியின் 9ஆம் பக்கத்தில் படித்ததை இதழின் 789ஆம் பக்கம் என்று உத்தேசமாகப் போட்டுவிடக் கூடாது. பகுதி எண், தேற்ற எண், அட்டவணை எண் ஆகியவை பிரதிகளுக்கிடையே அதிகம் மாறுவதில்லை என்பதால் 'பகுதி 4' என்று சுட்டுவது பாதுகாப்பானது. ஒரு வாக்கியத்தை அப்படியே மேற்கோள் குறிக்குள் எடுத்தெழுதுவதாக இருந்தால், இதழ்ப் பதிப்பில் அந்த வாக்கியம் அதே வடிவில் இருக்கிறதா என்று ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். மொழி செம்மை செய்யும்போது சொற்கள் மாறியிருக்கலாம். நூலகத்திலோ அரசுக் கல்லூரியில் பணியாற்றும் நண்பரிடமோ அந்த ஒரு பக்கத்தை மட்டும் சரிபார்த்துக் கேட்பது பெரிய வேலையல்ல.

எந்த நிலைப் பிரதியைப் படித்தாலும் இதழின் பக்கத்தை ஒருமுறை திறந்தே ஆக வேண்டும் என்பதற்கும் இதே கட்டுரை சான்று. அச்சாகிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2019இல், அனல்ஸ் இதழின் 189ஆம் தொகுதியில் 317, 318ஆம் பக்கங்களில் மூவரும் அதற்கு ஒரு பிழைதிருத்தம் வெளியிட்டார்கள். முன்பே தரவிறக்கி வைத்த பிரதிகளில் அதன் சுவடே இருக்காது. களஞ்சியப் பிரதிகளும் இதழில் பின்னால் நடப்பதைத் தாமாக அறிவதில்லை. விலைப் பக்கமாக இருந்தாலும் இதழின் பக்கத்தில் திருத்தமும் திரும்பப் பெற்ற அறிவிப்பும் இலவசமாகவே தெரியும். பல இதழ்களில் Check for updates என்ற பொத்தானே இருக்கிறது. திரும்பப் பெற்ற கட்டுரைகளின் மிகப் பெரிய பட்டியலான ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தை கிராஸ்ரெஃப் அமைப்பு 2023இல் வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. நூற்பட்டியல் மென்பொருளான சோடெரோ அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு, சேமித்த கட்டுரை எதுவும் திரும்பப் பெறப்பட்டிருந்தால் சிவப்பில் எச்சரிக்கும்.

இத்தனை தேடியும் பிரதி கிடைக்காத கட்டுரைகள் நிறையவே உண்டு. பழைய மானுடவியல், வரலாற்று இதழ்களில் இந்தக் குறை அதிகம். களஞ்சியங்கள் வருவதற்கு முன் எழுதியவர்களிடம் கணினிப் பிரதியே இருக்காது. அண்மைக் கட்டுரை என்றால் பதிப்பகப் பக்கத்தில் உறை வடிவச் சின்னத்தோடு காட்டியிருக்கும் தொடர்பு ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதலாம். கேட்பவருக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு பிரதி அனுப்ப பெரும்பாலான பதிப்பகங்கள் எழுத்தாளருக்கு அனுமதி தருகின்றன. தலைப்பு, டிஓஐ, எதற்காகத் தேவை என்ற ஒரு வரி, அனுப்பும் பிரதி இதழ் ஏற்றுக்கொண்ட இறுதிப் பிரதிதானா என்ற கேள்வி, இவ்வளவும் அந்த மின்னஞ்சலில் இருக்கட்டும். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் அடிக்குறிப்பில் எதை எழுதுவது என்பதைத் தீர்மானிக்கும்.